லேபிளில் 16, உடம்பில் 8: பழைய கவுன் வாங்கும்முன் டேப்பை எடுங்கள்

"அமெரிக்காவில் இருக்கிறேன். கடையில் எப்போதும் சைஸ் 8 தான் போடுவேன். ஆசைப்பட்டு ஆன்லைனில் 1960கள் காலத்து காட்டன் கவுன் ஒன்று வாங்கினேன், லேபிளில் 14 என்று இருந்தது, லூஸாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தலை வழியாகப் போட்டால் அக்குளுக்குக் கீழே இறங்கவே இல்லை. திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். இப்போது இன்னொன்று பார்த்து வைத்திருக்கிறேன். லேபிள் 16, ஸ்ட்ரெச் இல்லாத காட்டன், சுருக்கு வைத்த பாவாடை, இடது பக்கம் மெட்டல் ஜிப். விற்பவர் பிட் டு பிட் 19, இடுப்பு 14 என்று போட்டிருக்கிறார். என் அளவு மார்பு 36, இடுப்பு 29. வாங்கலாமா? இந்த எண்களை எப்படிப் படிப்பது?"

இப்போதைக்குக் காசு கட்டாதீர்கள். விற்பவரிடம் ஒரு படம் கேட்க வேண்டியிருக்கிறது, அது என்ன படம் என்று கீழே சொல்கிறேன். தையல் எனக்கு அம்மாவின் கடையில் மதுரையில் படிந்தது, இங்கே நியூ ஜெர்சியில் ஆல்டரேஷன் கடை வைத்து 12 வருடம் ஆகிறது. "பழைய கவுன் வாங்கிட்டேன், கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று மாதத்துக்கு ஒருத்தராவது வந்துவிடுகிறார்கள், அதில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. கல்யாண கவுன், ஆண்கள் கோட் இரண்டும் நான் அதிகம் தொடுவதில்லை, அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஸ்ட்ரெச் இல்லாத சாதாரணத் துணியில் தைத்த பெண்கள் உடைக்குத்தான்.

முதலில் அந்த 14. அது இன்றைய 14 அல்ல, இன்றைய 8 கூட அல்ல. அமெரிக்காவில் 1939-40இல் விவசாயத் துறை கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தது. அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958இல் தேசிய தர நிர்ணய அமைப்பு பெண்கள் உடைக்கு ஒரு பொது அளவுமுறை வெளியிட்டது. கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டும்தான், ஆகவே நம்மைப் போன்ற உடம்பு அந்தக் கணக்கில் ஆரம்பத்திலிருந்தே இல்லை. அந்த முறையில் சைஸ் 8 என்றால் மார்பு 31, இடுப்பு 23½ இன்ச். இன்றைக்கு அந்த அளவுக்கு எண்ணே கிடையாது, 00 கூட அதைவிடப் பெரிது. 1970-ஐ ஒட்டி அந்த முறையைத் திருத்தினார்கள், 1983இல் வாபஸே வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. சின்ன எண் இருந்தால் வாங்குகிறவருக்கு மனசு குளிர்கிறது, அதனால் அளவு பெருக எண் இறங்கிக்கொண்டே வந்தது. அன்றைய 16 இன்றைய 8-க்குப் பக்கத்தில் வரும். உங்கள் 14 ஏன் இறங்கவில்லை என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி ஜிப்பில் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். "சரி, எட்டைக் கூட்டிக்கொண்டால் போதும்" என்று ஒரு சூத்திரம் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் இப்போதைக்கு. 1958 முறை கட்டாயம் இல்லை, விருப்பம் உள்ள கம்பெனிகள் பின்பற்றியது. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் ஜூனியர் சைஸ் இருந்தது, அது கழுத்திலிருந்து இடுப்பு வரை மேலுடம்பு குட்டையானவர்களுக்கு. 14½, 16½ என்று அரை சைஸ் இருந்தது, அது உயரம் குறைவாக, உடம்பு பூசினாற்போல் இருப்பவர்களுக்கு. இதற்கு நடுவில் யாராவது பிரித்துப் பிடித்திருப்பார்கள், யாராவது வெந்நீரில் துவைத்துச் சுருக்கியிருப்பார்கள். லேபிளுக்கு அது எதுவும் தெரியாது. லேபிளால் எனக்கு ஒரே உபயோகம் வயதைக் கண்டுபிடிப்பது. துவைக்கும் முறையைத் தைத்து வைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தின் சின்னம் 1974இல் சிவப்பு வெள்ளை நீலமாக மாறியது, 1995இல் அந்தச் சங்கம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. அந்த மூன்று நிறச் சின்னம் உள்ள கவுனை யாராவது 1950கள் என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். நம் ஊரில் டெய்லரிடம் போனால் அவர் உடம்பை அளப்பதைவிட "அளவு பிளவுஸ் கொண்டு வந்தீங்களா" என்றுதான் முதலில் கேட்பார். அந்த பிளவுஸை மேஜையில் விரித்து, மடிப்பை நீவி, அதன் மேல்தான் டேப்பை வைப்பார். காரணம் இருக்கிறது. உடம்பின் அளவு ஒன்று, உடையின் அளவு வேறு. மூச்சு விட, உட்கார, கை தூக்க ஒரு இடைவெளி வேண்டும், அது அளவு பிளவுஸுக்குள் ஏற்கனவே இருக்கிறது. பழைய கவுன் வாங்கும்போதும் செய்ய வேண்டியது அதேதான். உங்களிடம் இருப்பதில் ஸ்ட்ரெச் இல்லாத, நன்றாகப் பொருந்துகிற, போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட முடிகிற ஒரு உடையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு பிளவுஸ். விற்பவர் தரும் எண்ணை அதன் எண்ணோடு ஒப்பிடுங்கள், உடம்போடு அல்ல. டி-ஷர்ட்டையோ ஸ்ட்ரெச் கலந்த குர்த்தாவையோ எடுத்தால் கணக்கு முழுவதும் தப்பாகும், ஏனென்றால் அது உடம்பைவிடச் சின்னதாக இருந்தாலும் இழுபட்டுப் பொருந்திவிடும்.

அளக்கும்போது கெட்டியான மேஜையில் போடுங்கள், கட்டில் வேண்டாம், மெத்தை அமுங்கும். ஜிப், கொக்கி, பட்டன் எல்லாவற்றையும் மூடுங்கள். உள்ளங்கையால் நீவினால் போதும், இழுக்கக் கூடாது. பிட் டு பிட் என்பது ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை உள்ள நேர்க்கோடு, அதை இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 1950கள், 60கள் கவுனில் மார்புக்கு டாட் பிடித்திருப்பார்கள், முன்பக்கம் தட்டையாகப் படுக்காது, புடைத்துக்கொண்டு நிற்கும். அதை அமுக்கி அளந்தால் குறைவாகக் காட்டும். நான் முன்பக்கத்தைத் தனியாக, துணியின் மேலேயே டேப்பை ஓட்டி அளப்பேன், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத் தனியாக அளப்பேன், இரண்டையும் கூட்டுவேன். முன்பக்கம் 19½, பின்பக்கம் 17½ என்று வருவதெல்லாம் சகஜம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து இரட்டிப்பாக்கினால் இரண்டு இன்ச் வரை தவறும்.

இடுப்பை இடுப்புத் தையலின் மேலேயே அளக்க வேண்டும். கொஞ்சம் விசேஷமான கவுனாக இருந்தால் உள்ளே திருப்பிப் பாருங்கள், இடுப்பைச் சுற்றி ஒரு கெட்டி ரிப்பன் தனியாகக் கொக்கியோடு ஓடும். கவுனின் எடையைத் தாங்குவதற்காக வைப்பது. துணியின் இடுப்பைவிட அது சின்னதாக இருக்கும், அதுதான் உண்மையான எல்லை. சிலர் அதைக் கவனிக்காமல் வெளித்துணியை அளந்து போடுகிறார்கள். பின்புறத்தை அளக்க உங்கள் உடம்பில் இடுப்பிலிருந்து எத்தனை இன்ச் கீழே பருமன் அதிகம் என்று பார்த்துக்கொண்டு (பலருக்கு 8 வாக்கில் வரும்) கவுனிலும் அதே தூரத்தில் அளக்க வேண்டும். உங்களுடையது சுருக்கு வைத்த பாவாடை, அங்கே துணி தாராளம், இதை விட்டுவிடுங்கள்.

விற்பவர்கள் பெரும்பாலும் மார்பும் இடுப்பும் போட்டு நிறுத்திவிடுவார்கள். கவுனைக் கெடுப்பது வேறு இரண்டு இடம். ஒன்று முதுகு அகலம், அதாவது பின்பக்கத்தில் கைக்குழிக்குக் கைக்குழி. சில வருடம் முன்னால் ஒரு பெண் 1950கள் கவுன் கொண்டுவந்தார். மார்பு பொருந்தியது, இடுப்பு பொருந்தியது, கண்ணாடி முன்னால் நின்றால் தைத்து வைத்தாற்போல் இருந்தது. காரில் ஸ்டியரிங் பிடிக்கக் கை நீட்டினால் தோள்பட்டையில் துணி பிடித்து இழுத்தது. அளந்து பார்த்தேன், கவுனின் முதுகு 13 இன்ச், அவர் அளவு கவுனில் 14½. கைக்குழியை வெட்டி அகலப்படுத்தலாமே என்று கேட்டார். வெட்டினால் குழிதான் பெரிதாகும், முதுகுக்குத் துணி எங்கிருந்து வரும்? நான் அதைச் சரிசெய்யவில்லை, செய்யவும் முடியாது.

இன்னொன்று பின்கழுத்துத் தையலிலிருந்து இடுப்புத் தையல் வரை உள்ள நீளம். இடுப்புச் சுற்றளவு சரியாக இருந்து இந்த நீளம் ஒரு இன்ச் குறைந்தாலும், கவுனின் இடுப்பு உங்கள் விலா எலும்பின் மேல் போய் உட்காரும், அங்கே உங்கள் சுற்றளவு வேறு. ஜூனியர் சைஸ் வாங்கி "இடுப்பு இறுக்குது" என்பவர்களில் பலருக்கு இறுக்குவது இடுப்பே அல்ல. கூடவே, அந்தக் காலத்துப் பெண்கள் உள்ளே இறுக்கமான கச்சையும், மார்பைத் தூக்கிக் கூர்மையாக நிறுத்தும் பிராவும் போட்டுக்கொண்டு இந்த உடைகளைப் போட்டார்கள். டாட்டின் முனை அந்த உயரத்துக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும். எண் எல்லாம் பொருந்தியும் மார்பில் மேலே காலியாக, கீழே இறுக்கமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கும். விரித்து அளப்பதில் இது தெரியாது.

இப்போது ஜிப். பக்கவாட்டு ஜிப் வைத்த கவுனைத் தலை வழியாகத்தான் போட வேண்டும், அப்போது உங்கள் தோளும் மார்பும் கவுனின் இடுப்பு வழியாகப் போயாக வேண்டும். ஜிப்புக்கு மேலே அக்குள் வரை தையல் மூடியிருக்கும். 36 மார்பு, 26 இடுப்புள்ள வளையத்துக்குள் நுழைய ஜிப் திறக்கிற இடைவெளி ஒன்றுதான் வழி. ஜிப் குட்டையாக இருந்தால், போட்ட பின் சரியாக நிற்கக்கூடிய கவுன்கூட பாதியில் மாட்டிக்கொள்ளும். உங்கள் 14 சின்னது என்பது நிச்சயம், ஆனால் "அக்குளுக்குக் கீழே இறங்கவில்லை" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதுவும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதுகில் கழுத்திலிருந்து இறங்கும் ஜிப்பாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, காலை விட்டு ஏறிக்கொள்ளலாம். புதுக் கவுனுக்கு ஜிப்பின் நீளத்தைக் கேளுங்கள். 10 இன்ச்சுக்குக் குறைவு என்றால் நான் யோசிப்பேன்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். பிட் டு பிட் 19, இரட்டித்தால் 38. உங்கள் மார்பு 36, இரண்டு இன்ச் இடைவெளி, சாதாரணக் காட்டனுக்கு அது போதும். இடுப்பு 14, இரட்டித்தால் 28. உங்களுக்கு 29. உட்கார்ந்து எழ ஒரு இன்ச்சாவது கூட வேண்டும், ஆக உங்களுக்குத் தேவை 30. இரண்டு இன்ச் குறைகிறது. லேபிளில் 16 என்று இருந்தாலும் இன்றைக்கு உள்ளபடி இந்தக் கவுன் உங்களுக்கு மூடாது.

பிரித்து விட முடியுமா? நம் பிளவுஸில் டெய்லர் பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் ஓட்டி உள்ளே துணி விட்டிருப்பார், உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் முடிந்தது. கடைக்குத் தைத்த கவுனில் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்காதீர்கள், வீட்டில் தைத்ததில் சில நேரம் இருக்கும். கணக்கு இப்படி. இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் முன்துணி பின்துணி, மொத்தம் நான்கு விளிம்பு. உள்ளே அரை இன்ச், அதாவது 4 நூல் துணி இருந்தால், புதுத் தையல் நிற்க 3 நூல் விட வேண்டும், கிடைப்பது விளிம்புக்கு 1 நூல், நான்குக்கும் சேர்த்து அரை இன்ச். இடுப்பு 28½, பிரயோஜனமில்லை. உள்ளே முக்கால் இன்ச் இருந்தால் விளிம்புக்கு 3 நூல் கிடைக்கும், மொத்தம் ஒன்றரை இன்ச், இடுப்பு 29½. மூடும், ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு வருத்தப்படுவீர்கள். ஒரு இன்ச் முழுதாக இருந்தால் பாதியைத் தையலுக்கு விட்டு மீதியை எடுத்தாலே 30 வந்துவிடும். சுருக்குப் பாவாடை என்பதால் கீழே துணி பற்றிக் கவலையில்லை, சுருக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

இதில் இரண்டு தடை. இடது பக்கம் ஜிப், அதைப் பிரித்து எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும், கூலி அதில்தான் ஏறும். அதற்குச் சோம்பல்பட்டு வலது பக்கத்தை மட்டும் பிரித்தால் பாதி அளவுதான் கிடைக்கும், அதோடு முன்நடுக்கோடு ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும், பட்டன் வரிசை இருந்தால் அசிங்கமாகத் தெரியும். இரண்டாவது, பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளை வரிசை இருக்கும், 60 வருடம் வெளிச்சம் படாத துணி உள்ளே நிறம் மாறாமல் இருக்கும். பிரித்து விட்டால் பக்கவாட்டில் ஒரு பளிச்சென்ற கோடு விழும். வெள்ளையிலும் நெருக்கமான பூப்போட்ட துணியிலும் கண்ணுக்குத் தெரியாது. கருநீலம், சிவப்பு போன்ற ஒற்றை நிறத்தில் நிச்சயம் தெரியும், அதை எந்த டெய்லராலும் மறைக்க முடியாது.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய படம் இதுதான்: கவுனை உள்பக்கமாகத் திருப்பி, இடுப்புக்கு அருகில் வலது பக்கத் தையலை விரித்து, பக்கத்தில் டேப் வைத்து ஒன்று. கூடவே ஜிப்பை மூடி இடுப்பின் மேல் டேப் வைத்து இன்னொன்று. எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் நம்பாதீர்கள். விரித்து அளப்பதில் அரை இன்ச் பிசகினால் சுற்றளவில் ஒரு இன்ச் பிசகு, உங்கள் கதையில் மொத்த இடைவெளியே அந்த ஒரு இன்ச்தான். சிலர் இரட்டித்து எழுதுவார்கள், சிலர் அப்படியே எழுதுவார்கள், 28 என்றால் எது என்று தெளிவாகக் கேளுங்கள். முதுகு அகலம், பின்கழுத்திலிருந்து இடுப்பு, ஜிப் நீளம் மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். துணி மக்கியிருக்கிறதா என்பது மட்டும் படத்தில் தெரியாது. நேரில் வாங்கினால் அக்குள் பக்கம் இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பேன், நூல் விட்டுப்போகும் சத்தம் கேட்டால் வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட துணியில் தையலைப் பிரித்தால் துணியே கையோடு வரும்.

உள்ளே ஒரு இன்ச் துணி, பூப்போட்ட காட்டன், ஜிப் நீளம் போதும் என்று பதில் வந்தால் வாங்குங்கள், ஆல்டரேஷன் கூலியை முதலிலேயே விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு. முக்கால் இன்ச்தான் என்றால் நானாக இருந்தால் விட்டுவிடுவேன், விரித்த இடுப்பு 15 உள்ள வேறொன்று வரும்வரை.

கையில் இருக்கும் அந்த 14-ஐ வெட்டி ஒட்டுப்போட்டுப் பெரிதாக்க வேண்டாம். மேஜையில் விரித்து, மேலே சொன்ன மாதிரி முன்னும் பின்னும் அளந்து, டேப்போடு படம் எடுத்து, சைஸ் எண்ணைத் தலைப்பில் போடாமல் இன்ச் கணக்கை மட்டும் போட்டு விற்றுப்பாருங்கள். இடுப்பு 25, 26 உள்ளவர்கள் இந்த மாதிரிக் கவுனுக்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.